மூன்று தடுப்பூசிப் புத்தகங்கள், ஒரே கணக்கு

கேள்வி: என் மகன் 12.3.2024 அன்று பிறந்தான். பிறந்த மருத்துவமனை, அம்மா வீட்டுப் பக்கத்துச் சுகாதார நிலையம், தனியார் குழந்தை மருத்துவர் என மூன்று இடங்களின் தடுப்பூசிப் புத்தகங்களையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். எந்த ஊசி விட்டுப்போயிருக்கிறது, டாக்டர்?

பதில்: புத்தகங்களில் அச்சாகியிருக்கும் ‘முதல் தவணை’, ‘இரண்டாம் தவணை’ என்ற எண்களை ஒதுக்கிவிட்டு, உண்மையில் போட்ட தேதிகளை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொரு தேதிக்கும் எதிரே எந்தெந்த நோய்க்கான மருந்து சென்றது என்று குறியுங்கள். கையொப்பமோ மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரோ இல்லாத தேதியைச் சேர்க்க வேண்டாம். தனியார் புத்தகத்தில் பென்சிலால் எழுதியுள்ள 26.6.2024 அடுத்து வரவேண்டிய நாளே தவிர, ஊசி போட்ட நாள் அன்று.

பிறந்த மறுநாள் போட்ட பி.சி.ஜி., மஞ்சள் காமாலை ஊசி, போலியோ சொட்டு மருந்து மூன்றும் சரியாக உள்ளன. சிக்கல் அதற்குப் பின்னர்தான். 24.4.2024 அன்று சுகாதார நிலையத்தில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டா ஊசியும், 29.5.2024 அன்று தனியாரிடம் ஹெக்ஸா ஊசியும் போடப்பட்டுள்ளன. பென்டாவில் உள்ள ஐந்துடன் போலியோ ஊசியும் சேர்ந்ததே ஹெக்ஸா என்பதால், அது பென்டாவின் இரண்டாம் தவணையாகிவிடுகிறது. தனியார் புத்தகத்தைப் பார்க்காத செவிலியர் 10.7.2024 அன்று ‘பென்டா 2’ என்று எழுதியிருப்பது உண்மையில் மூன்றாம் தவணை. இடைவெளிகள் நான்கு வாரத்துக்குக் குறையவில்லை. ஆகவே அட்டையில் ‘பென்டா 3’ கட்டம் காலியாக இருந்தாலும் அந்த ஊசி பாக்கியில்லை. ரோட்டா சொட்டு மருந்தும் அதே மூன்று தேதிகளில் முடிந்துவிட்டது.

ஆனால் இதே குழப்பத்தில் வேறோர் ஊசி விடுபட்டிருக்கிறது. அரசு அட்டவணையில் நிமோனியாவைத் தடுக்கும் பி.சி.வி. ஊசி 6, 14 வாரங்களிலும் 9 மாதத்திலும் உண்டு, 10 வாரத்தில் இல்லை. ஜூலை வருகையைப் பத்து வார வருகையாகக் கொண்டதால் அன்று அது போடப்படவில்லை. தனியார் புத்தகத்திலும் இல்லை. 18.12.2024 அன்று ‘பூஸ்டர்’ கட்டத்தில் பதிந்திருப்பது இரண்டாவது தவணைதான். முந்தைய தவணைக்கு எட்டு வாரம் கழிந்தால் போதும் என்பதால் பாக்கியுள்ள ஒன்றை இப்போதே போடலாம். முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை.

போலியோ ஊசியைப் பொறுத்தவரை, ஹெக்ஸாவில் முழு அளவு சென்றிருப்பதால், சுகாதார நிலையத்தில் 24.4.2024, 18.12.2024 தேதிகளில் தோலுக்குள் போட்ட சிறிய தவணைகளுடன் கணக்கு நிறைந்துவிட்டது.

பதினாறு மாதம் கடந்துவிட்டதால் தட்டம்மை, ரூபெல்லாவைத் தடுக்கும் எம்.ஆர். ஊசியின் இரண்டாம் தவணை, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னியைத் தடுக்கும் டி.பி.டி. ஊசியின் முதல் பூஸ்டர், போலியோ சொட்டு பூஸ்டர் ஆகியவையும் இப்போது தரவேண்டியவை. பி.சி.வி.யுடன் சேர்த்து ஒரே நாளில் வெவ்வேறு இடங்களில் போடலாம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி சில மாவட்டங்களில் மட்டுமே தரப்படுவதால், உங்கள் மாவட்டத்தில் உண்டா என்று செவிலியரிடம் கேளுங்கள்.

மூன்று புத்தகங்களையும் நீங்கள் எழுதிய தாளையும் புதன்கிழமை கொண்டுசென்று, ஹெக்ஸா போட்ட தேதியைத் தாய் சேய் நல அட்டையிலும் அரசின் இணையத் தடுப்பூசிப் பதிவான U-WIN-இலும் சேர்க்கச் சொல்லுங்கள்.