மலைப்பிரசங்கப் பேறுகள்: 8 மதிப்பெண் வினா

"மத்தேயு 5:3-10ஐ மனப்பாடம் செய்துவிட்டேன். 'ஒவ்வொன்றும் வெற்றி பற்றிய கருத்தை எப்படி மாற்றுகிறது' என்று கேட்டால் என்ன எழுதுவது?"

ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரே கேள்வி போடுங்கள்: உலகம் இங்கே யாரைப் பாராட்டும்?

5ஆம் வசனத்தைப் பாருங்கள். அன்று நிலம் ரோமப் படையின் கையில். இயேசுவோ பூமி சாந்தகுணமுள்ளவர்களுக்கே என்கிறார். இது சங்கீதம் 37:11இன் எதிரொலி. எழுதினால் விடை கனக்கும். அதேபோல் 9: அகஸ்து ராயன் 'தெய்வமகன்' பட்டம் சூடியவன், வாளால் அமைதி கண்டவன். இங்கே தேவபுத்திரர் எனப்படுவோர் சமாதானம் பண்ணுகிறவர்கள்.

மற்றவை சுருக்கமாகப் போதும். ஆவியில் எளிமை தன்னிறைவுப் பெருமையை மறுக்கிறது. துயரம், சிரித்து வாழ்வதே வாழ்வு என்பதை. நீதியின்மேல் பசி, பொருள் பசிக்கு எதிர். இரக்கம் பழிதீர்ப்பதற்கு எதிர். இருதயச் சுத்தம் வெளிவேஷத்துக்கு எதிர். துன்பப்படுதல், ஊர் மெச்சுவதே வெற்றி என்பதற்கு எதிர்.

பலர் தவறுவது ஒன்று: வறுமையும் அழுகையும் நல்லவை என்று எழுதிவிடுவார்கள். வசனம் அப்படிச் சொல்லவில்லை; அந்த நிலையில் இருப்போருக்குத் தேவன் என்ன செய்வார் என்கிறது. ஆகவே வாக்குறுதிப் பாதியையும் கட்டாயம் எழுதுங்கள். 3, 10 இரண்டிலும் வாக்குறுதி ஒன்றே, 'பரலோகராஜ்யம் அவர்களுடையது' என்று நிகழ்காலத்தில்; இடையிலுள்ளவை எல்லாம் எதிர்காலம்.