பாதி வெட்டிய போட்டோவும் 35 சதவீதமும்

"வணக்கங்க. சிவகிரி பக்கம் எங்க ஊரு. மஞ்சள் வித்த பணம் 6 லட்சம் இருக்குதுங்க. மூணு வருஷத்துல பொண்ணை இன்ஜினியரிங் சேர்க்கோணும். தெரிஞ்ச ஏஜென்ட் ஒருத்தர் ஒரு ஸ்மால் கேப் ஃபண்டோட தாளை போட்டோ எடுத்து அனுப்பி, வருஷம் 35 பர்சென்ட் வந்திருக்குது, பேங்க்ல போட்டு என்ன பண்றீங்கங்குறாரு. அதுல முள்ளு வெச்ச ஒரு மீட்டர், செலவுன்னு ஒரு கணக்கு, அடியில பொடி எழுத்து பாதி தெரியுது. இதை எப்படிப் படிக்கிறதுங்க?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபாக்ட்ஷீட்டில் அது ஒரு பக்கம்தான், அதிலும் வலது ஓரமும் கீழ் ஓரமும் போட்டோவில் விழவில்லை. வெட்டுப்பட்ட இடத்தில் என்ன இருந்திருக்கும் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் மேல் மூலையில் இருக்கிற தேதியைப் பாருங்கள். மார்ச் 2025. ஃபாக்ட்ஷீட் என்பது ஃபண்டு கம்பெனி மாசாமாசம் புதிதாக வெளியிடுகிற விவரத் தாள், அப்படியிருக்க இந்தப் பழைய மாசத்தை அனுப்பியிருக்கிறார். போனில் கைக்கு அகப்பட்டதை அனுப்பியிருக்கலாம், நான் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த 35 சதவீதத்தின் கதை முழுக்க அந்தத் தேதியில்தான் இருக்கிறது.

படத்தில் மூன்று வருமானங்கள் தெரிகின்றன: ஒரு வருஷம் 6.1, மூன்று வருஷம் 18.9, ஐந்து வருஷம் 35.8. ஏஜென்ட் சொன்னது கடைசி எண். இது வருஷாவருஷம் 35 வந்தது என்று அர்த்தமில்லை. ஐந்து வருஷத்தின் மொத்த வளர்ச்சியை, ஒரே சீராக வளர்ந்திருந்தால் வருஷத்துக்கு எவ்வளவு என்று கூட்டு வட்டிக் கணக்கில் பிரித்துச் சொல்கிற சராசரி அது. இந்த மூன்று எண்களை வைத்தே உள்ளே நடந்ததைத் தோண்டி எடுக்கலாம், ஒரு கால்குலேட்டர் போதும்.

35.8 சதவீதத்தில் ஐந்து வருஷம் என்றால் 10,000 ரூபாய் சுமார் 46,200 ஆகியிருக்கும். 18.9 சதவீதத்தில் மூன்று வருஷம் என்றால் 10,000 ரூபாய் 16,800 ஆகியிருக்கும், அதாவது 1.68 மடங்கு. இப்போது 46,200-ஐ 1.68-ஆல் வகுங்கள். 27,500 வரும். ஆக முதல் இரண்டு வருஷத்திலேயே 10,000 ரூபாய் 27,500 ஆகிவிட்டது, அதற்குப் பிறகு மூன்று வருஷம் சேர்ந்துதான் அதை 46,200-க்குக் கொண்டுபோனது, அதிலும் கடைசி வருஷம் வெறும் 6 சதவீதம். வருமானத்தின் பெரும் பாய்ச்சல் 2020 மார்ச்சுக்கும் 2022 மார்ச்சுக்கும் நடுவில் நடந்து முடிந்துவிட்டது.

2020 மார்ச் என்றதும் உங்களுக்கே பிடிபட்டிருக்கும். ஊரடங்கு போட்ட மாசம், சந்தை தரையில் கிடந்த மாசம். மார்ச் 2025 தாளின் ஐந்து வருஷக் கணக்கு சரியாக அந்தப் பள்ளத்தில் இருந்து அளக்க ஆரம்பிக்கிறது. கிணற்று அடியில் நின்று மேட்டை அளந்தால் மேடு உயரமாகத்தான் தெரியும்.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் செய்யும் என்று 50 பெரிய கம்பெனிகளின் பங்கு விலையைக் காட்டுகிற நிஃப்டி 50 குறியீட்டை வைத்துக் காட்டுகிறேன், அது எல்லோரும் சரிபார்க்கக்கூடிய எண். 2020 ஜனவரி கடைசியில் நிஃப்டி சுமார் 11,960. அந்த மார்ச் கடைசியில் சுமார் 8,600. ஐந்து வருஷம் கழித்து 2025 ஜனவரி கடைசியிலும் சரி, மார்ச் கடைசியிலும் சரி, கிட்டத்தட்ட ஒரே இடம்தான், 23,500. போய்ச் சேர்ந்த இடம் ஒன்று, ஆனால் ஜனவரி தாளில் ஐந்து வருஷ வருமானம் வருஷத்துக்கு 14.5 சதவீதம், மார்ச் தாளில் 22.3 சதவீதம். இரண்டு மாசத்தில் சந்தை ஒன்றும் வளரவில்லை, அளவுகோலின் தொடக்கம்தான் பள்ளத்துக்கு நகர்ந்தது. (இதில் டிவிடெண்டைச் சேர்க்கவில்லை. ஃபண்டுகள் ஒப்பிடுகிற குறியீட்டில் அதையும் சேர்க்க வேண்டும் என்பது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதி, அதனால் அங்கே எண்கள் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.)

மஞ்சள் போடுகிறவருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. 2010-ல் விலை ஏறின ஏற்றத்தைப் பார்த்துவிட்டு எங்கள் சித்தப்பா அடுத்த பட்டத்தில் நெல் வயலையும் சேர்த்து மஞ்சள் போட்டார், தோண்டி வேகவைத்து மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனபோது கிடைத்த விலையில் ஆள்கூலி தேறவில்லை. முந்தின வருஷ விலைச்சீட்டு பொய் இல்லை, ஆனால் அவர் மூட்டைக்கு அது எழுதப்படவில்லை. தாளின் அடியில் பொடி எழுத்தில் முந்தைய வருமானம் இனியும் தொடரலாம், தொடராமலும் போகலாம் என்று போட்டிருப்பது இதைத்தான்.

சரி, அந்த மீட்டர். அதன் பெயர் ரிஸ்கோமீட்டர். குறைவு, குறைவு முதல் மிதம், மிதம், மிதத்துக்குச் சற்று மேல், அதிகம், மிக அதிகம் என்று ஆறு கட்டம். உங்கள் படத்தில் முள் கடைசிக் கட்டத்தில் நிற்கிறது. 2021 ஜனவரியில் இருந்து இதை ஃபண்டின் வகையைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட முடியாது, மாசக் கடைசியில் உள்ளே என்னென்ன பங்குகள் இருக்கின்றன, அவை எவ்வளவு ஆடுகின்றன, அவசரத்துக்கு விற்றால் விலை எவ்வளவு அடிபடும் என்று மதிப்பெண் போட்டுச் சராசரி எடுத்துத்தான் முள்ளை வைக்க வேண்டும். அதனால் முள் நகரவும் செய்யும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சராசரி 5-ஐத் தாண்டினாலே "மிக அதிகம்", அதற்கு மேல் கட்டமே கிடையாது. பெரிய கம்பெனிகளை மட்டும் வைத்திருக்கிற ஃபண்டே 5-ஐ ஒட்டித்தான் நிற்கும், கொஞ்சம் தாண்டினால் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிடும். சின்னக் கம்பெனிப் பங்குகளுக்கு அடிப்படை மதிப்பெண்ணே 9, அந்த ஃபண்டும் அதே கட்டத்தில்தான் உட்காரும். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு முள்ளும் ஒரே இடத்தைக் காட்டும். "அட, எல்லா ஃபண்டுக்கும் அப்படித்தாங்க போட்டிருக்கும்" என்று ஏஜென்ட் சொன்னால் அது பொய் இல்லை, ஆனால் ஆறுதல் அடையவும் அதில் ஒன்றுமில்லை. முள் இந்தப் பணம் ஆடும் என்கிறது, எவ்வளவு ஆழம் போகும் என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

ஆழம் தெரிய வேண்டுமானால் வரலாற்றைப் பாருங்கள். ஸ்மால் கேப் என்பது சந்தை மதிப்பில் 251-வது இடத்தில் இருந்து கீழே உள்ள கம்பெனிகள். அந்தப் பங்குகளின் குறியீடு 2018 ஜனவரியில் உச்சத்தில் இருந்தது, 2020 மார்ச்சில் அதில் பாதிகூட இல்லை. பழைய உச்சத்தைத் திரும்பத் தொட 2021 ஆகிவிட்டது. அதாவது 2018 ஜனவரியில் 6 லட்சம் போட்ட ஒருவருக்கு இரண்டே கால் வருஷத்தில் 3 லட்சத்துக்கும் கீழே, போட்ட பணமாவது திரும்பி வர மூன்று வருஷத்துக்கு மேல். உங்களிடம் இருப்பதே மூன்று வருஷம்தான்.

அப்புறம் செலவு விகிதம். படத்தில் ரெகுலர் 1.75, டைரக்ட் 0.75 என்று இரண்டு எண் இருக்கிறது. பலர் 35.8-ல் இருந்து 1.75-ஐக் கழித்துப் பார்க்கிறார்கள், அது தேவையில்லை, செலவு போகத்தான் வருமானம் போடுகிறார்கள். இந்தச் செலவுக்கு பில் வராது. ஃபண்டின் சொத்தில் இருந்து தினம் ஒரு துளியாக எடுத்துவிட்டுத்தான் ஒரு யூனிட்டின் அன்றைய விலையான என்.ஏ.வி.யையே வெளியிடுகிறார்கள். அதனால்தான் "நீங்க எனக்கு ஒத்தப் பைசா தர வேண்டாங்க" என்று அவரால் சொல்ல முடிகிறது. ரெகுலருக்கும் டைரக்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு சதவீதத்தில்தான் அவர் கமிஷன் இருக்கிறது. டைரக்ட் என்பது அதே ஃபண்டு, அதே மேனேஜர், அதே பங்குகள், நடுவில் ஆள் மட்டும் இல்லை. 2013-ல் இருந்து எல்லா ஃபண்டிலும் இது உண்டு.

6 லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் முதல் வருஷம் ரெகுலரில் சுமார் 10,500 ரூபாய், டைரக்டில் 4,500. வருமானம் டைரக்டில் 12 சதவீதம், ரெகுலரில் 11 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், மூன்று வருஷத்தில் வித்தியாசம் 22,000 சொச்சம், பத்து வருஷத்தில் 1.6 லட்சம். வருஷத்துக்கு ஒருமுறை வந்து உட்கார்ந்து, விழுகிற நேரத்தில் பயந்து விற்றுவிடாமல் தடுக்கிற ஏஜென்டாக இருந்தால் அந்தக் கமிஷன் அவருக்குத் தகும் என்றுதான் நான் நினைக்கிறேன். மூன்று வருஷத்தில் ஃபீஸ் கட்ட வேண்டியவருக்கு ஸ்மால் கேப் தாளை அனுப்புகிறவர் அந்த ரகமா என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது வெட்டுப்பட்ட ஓரங்கள். வலது பக்கம் காணாமல் போனது ஒப்பீட்டுக் குறியீட்டின் வருமானம். ஃபண்டு தன் வருமானத்தைத் தனியாகக் காட்டக் கூடாது, பக்கத்தில் குறியீட்டையும் போட்டே ஆக வேண்டும். அங்கே ஐந்து வருஷத்துக்கு 35-க்கு மேல் இருந்தால் இந்த மேனேஜர் ஒன்றும் சாதிக்கவில்லை, சந்தை தூக்கிவிட்டது, அவ்வளவுதான். கீழே வெட்டுப்பட்ட குறிப்பில் அந்த 35.8 ரெகுலருக்கா டைரக்டுக்கா என்பது இருக்கும். டைரக்ட் எண்ணைக் காட்டி ரெகுலரை விற்பதும் நடக்கிறது. ஏஜென்டிடம் கேட்க வேண்டாம், ஃபண்டு கம்பெனியின் வெப்சைட்டிலேயே போன மாசத்து ஃபாக்ட்ஷீட் முழு பி.டி.எஃப். ஆக இலவசமாகக் கிடைக்கும். அதில் இதே ஐந்து வருஷ எண்ணைப் பாருங்கள். தொடக்கம் பள்ளத்தைத் தாண்டி நகர்ந்திருப்பதால் வேறு எண் இருக்கும்.

உங்கள் 6 லட்சத்துக்கு வருகிறேன். முதல் வருஷ ஃபீஸ் மூன்று வருஷத்தில் வேண்டும், ஆனால் நாலு வருஷப் படிப்பில் கடைசி வருஷ ஃபீஸ் கட்ட இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது. அந்தக் கடைசி வருஷத்துக்கு மட்டும் ஒரு லட்சம் வேண்டுமானால் பங்கு ஃபண்டில் போடலாம், அதுவும் ஸ்மால் கேப் வேண்டாம், நிஃப்டி 50 குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கிற இண்டெக்ஸ் ஃபண்டு போதும். அதுவும் அதே கட்டத்தில்தான் முள்ளைக் காட்டும், செலவு மட்டும் இதைவிட நன்றாகக் குறைவு. அந்த ஒரு லட்சத்தையும் கடைசி வருஷத்துக்கு ஒரு வருஷம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். மீதி 5 லட்சம் டெபாசிட்டில் இருக்கட்டும். ஒரே பேங்கில் போடாதீர்கள், காப்பீடு ஒரு பேங்குக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான், வட்டி ஏறினதும் தாண்டிவிடும். இரண்டு பேங்கில் பிரித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் ஒரு பாதியை போஸ்ட் ஆபீஸ் மூன்று வருஷ டெபாசிட்டில் வைத்துவிடுங்கள்.