ரியூசன் நோட்டீஸில் வந்த ‘ழுஃடு’

கேள்வி: சின்னதாக ஒரு ரியூசன் நிலையம் நடத்துகிறோம். தரம் 10க்குப் புதிய பிரிவு தொடங்குகிறோம். தமிழிலும் ஆங்கிலத்திலும் நோட்டீஸ் அடிக்க வேண்டும், என்ன கவனிக்க வேண்டும்?

நீங்களும் என்னைப் போல வீட்டு விறாந்தையில் நாலு வாங்கு போட்டு வகுப்பு நடத்துகிறவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அச்சகத்தில் கொடுத்தால் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். நான் அப்படி இருந்துதான் ஆயிரம் தாளை வீணாக்கினேன்.

திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் கணிதம் படிப்பிக்கிறேன். க.பொ.த. சாதாரண தரத்துக்கான புதிய பிரிவுக்கு மஞ்சள் தாளில் கறுப்பு மையால் நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தேன். தமிழையும் ஆங்கிலத்தையும் கைபேசியில் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அச்சிட்டு வந்த கட்டைப் பிரித்தால், ஆங்கிலப் பக்கத்தின் நடுவில் G.C.E. O/L இருக்க வேண்டிய இடத்தில் ‘பு.ஊ.நு. ழுஃடு’ என்று கிடக்கிறது.

இது ஏன் வருகிறது என்று அன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொண்டேன். கைபேசியில் நாங்கள் எழுதுவது யூனிகோட். அந்த அச்சகத்தில் வேலை செய்வது பாமினி எழுத்துருவில். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில விசைகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ‘கணிதம்’ என்று கண்ணுக்குத் தெரிவது கணினிக்குள் fzpjk; தான். யூனிகோட்டைப் பாமினிக்கு மாற்றும்போது தமிழ் மாறும், ஆங்கிலம் மாறாமல் அப்படியே நிற்கும். பிறகு எல்லாவற்றையும் சேர்த்துத் தெரிவுசெய்து பாமினியைப் போட்டால் O ‘ழு’ ஆகிவிடும், சாய்கோடு ‘ஃ’ ஆகிவிடும், L ‘டு’ ஆகிவிடும். ஆங்கிலத் துண்டுகளைத் தேடித் தேடி ஆங்கில எழுத்துருவுக்குத் திருப்ப வேண்டும். தலைப்பைத் திருப்பிய தம்பி நடுவில் இருந்ததை விட்டுவிட்டார். எண்கள் பாமினியிலும் எண்களாகவே நிற்பதால், நேரத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் மட்டும் பார்க்கிறவருக்கு இந்தப் பிழை கண்ணில் படாது.

அந்தத் தம்பியைக் குறை சொல்கிறேன் என்று யாரும் எழுத வேண்டாம். அவர் அனுப்பிய புரூஃபைக் கைபேசியில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னது நான்தான்.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று இருந்தது. கடைசி நேரத்தில் வகுப்பை 2.30இலிருந்து 3.30க்கு மாற்றச் சொல்லித் தொலைபேசியில் சொன்னேன். தமிழில் மாற்றினார்கள், ஆங்கிலத்தில் மாற்றவில்லை. ழுஃடுவைப் பேனாவால் வெட்டி எழுதிவிட்டுப் பாதி நோட்டீஸைக் கோயில் வாசலில் கொடுத்து முடித்தபிறகு ஒரு அம்மா வந்து கேட்டார்: “ரீச்சர், தமிழில 3.30 எண்டு கிடக்கு, இங்கிலீசில 2.30 எண்டு கிடக்கு, பிள்ளைய எத்தனைக்கு விடுறது?” முதல் சனிக்கிழமை நாலு பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் வெயிலில் காத்திருந்தார்கள். மிச்சத்தைக் கொடுக்க மனம் வரவில்லை.

அப்புறம் நான் செய்வது இதுதான். திகதி, நேரம், தொலைபேசி இலக்கம் மூன்றையும் ஒரே ஒரு தடவை, எண்ணில், தாளின் நடுவில் போடுவேன். மேலே தமிழ், கீழே ஆங்கிலம். கிழமையின் பெயரை மட்டும் இரண்டு மொழியிலும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். ஒரே இடத்தில் இருந்தால் ஒரே தடவைதான் திருத்த வேண்டும். புரூஃபைத் தாளிலேயே எடுத்து, ஆங்கிலம் வரும் ஒவ்வொரு இடத்தையும் விரலால் தொட்டு வாசிப்பேன்.

இன்னொன்று, மொழிமூலம். நோட்டீஸில் ஆங்கிலம் இருந்தாலே வகுப்பு ஆங்கில மொழிமூலம் என்று பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். கணிதத்தை ஆங்கிலத்தில் படிக்கிற பிள்ளை சோதனையையும் ஆங்கிலத்தில்தான் எழுதும், தமிழ் வகுப்புக்கு வந்து அது என்ன செய்யும்? ஆகவே ‘தமிழ் மொழிமூலம்’ என்பதைப் பாடத்தின் பெயருக்குக் கீழேயே, அதே அளவு எழுத்தில், இரண்டு மொழியிலும் போடுங்கள்.

ரியூசன்காரருக்கு எழுத்துப் பிழை ஒரு கவலையா என்று சிலர் கேட்பார்கள். பஸ்ஸில் போகும்போது வெளியே பாருங்கள். அறிவித்தல் பலகைகளில் சிங்களம் சரியாக இருக்கும், ஆங்கிலமும் சரியாக இருக்கும், தமிழில் மட்டும் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். எழுதி முடித்தபின் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டக்கூட அவர்களுக்கு நேரமில்லை. அதைப் பார்த்துப் பார்த்து எரிச்சல்பட்ட நானே என் பெயர் போட்ட தாளில் ழுஃடு என்று அடித்துக் கொடுத்தேன். அந்த மஞ்சள் தாளில் ஒன்றை இன்னும் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன், புது நோட்டீஸுக்கு புரூஃப் வரும்போது அதைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பேன்.