அமிலம் ஏறினால் ஒட்சிசன் எங்கே இறங்கும்? கேள்வி பதில்

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்த வாயு மெஷினோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவன் நான். இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஈமோகுளோபின் ஒட்சிசனை எப்போது இறுக்கிப் பிடிக்கும், எப்போது விடும் என்பதைத்தான் சுற்றி வருகின்றன. வந்த வரிசையில் விடாமல், ஒன்றிலிருந்து ஒன்று விளங்கும்படி மாற்றி வைத்திருக்கிறேன்.

கோப்பாய், உயர்தர மாணவி: சேர், ஒட்சிசன் அழுத்தம் கூடக்கூட ஈமோகுளோபின் எவ்வளவு நிரம்பும் என்று காட்டும் வளையி எஸ் வடிவம் என்று பாடமாக்கிவிட்டேன். அமிலம் கூடினால் அது ஏன் வலப்பக்கம் நகர வேண்டும்? ரியூஷனில் போர் விளைவு என்று பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

பெயரைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம் மகள். ஈமோகுளோபின் நாலு துண்டுகள் சேர்ந்த புரதம். ஒவ்வொரு துண்டிலும் ஓர் இரும்பு அணு, அதில் ஓர் ஒட்சிசன் மூலக்கூறு ஏறலாம். முழு மூலக்கூறுக்கும் இரண்டு நிலைகள் உண்டு. இறுகிய நிலையில் ஒட்சிசன் ஏறுவது கடினம், தளர்ந்த நிலையில் எளிது. ஒரு துண்டில் ஒட்சிசன் ஏறினால் மற்றத் துண்டுகளும் தளரப் பார்க்கும். எஸ் வடிவம் வருவது அதனால்தான்.

நுரையீரலில் ஒட்சிசன் அழுத்தம் ஏறக்குறைய 100 மில்லிமீற்றர் இரசம். அங்கே 97 வீதம் நிரம்புகிறது. ஓய்வாக இருக்கும்போது இழையங்களிலிருந்து திரும்பும் குருதியில் அழுத்தம் 40, நிரம்பல் 75. ஆக, முழுக் கொள்ளளவில் 22 வீதத்தை இறக்கிவிட்டு வருகிறது. பாதி நிரம்பத் தேவையான அழுத்தம் சுமார் 27. இதைத்தான் பீ50 என்கிறோம், இந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாம் விளங்கும்.

ஐதரசன் அயன்கள் கூடும்போது அவை புரதத்தின் சில இடங்களில் ஒட்டி, இறுகிய நிலையைத் தாங்கிப் பிடிக்கின்றன. அமிலம் கூடி பீ.எச். 7.4 இலிருந்து 7.2 க்கு இறங்கினால் பீ50 சுமார் 33 ஆகிறது, வளையி வலப்பக்கம் நகர்வது என்பது இதுதான். அதை வைத்துக் கணக்குப் பாருங்கள்: நுரையீரலில் நிரம்பல் 97 இலிருந்து 95 ஆகிறது, இழையத்தின் 40 இல் 75 இலிருந்து 63 ஆகிறது. ஏற்றும் இடத்தில் இழப்பு இரண்டு, இறக்கும் இடத்தில் இலாபம் பன்னிரண்டு. வளையியின் மேற்பகுதி தட்டையாகவும் நடுப்பகுதி செங்குத்தாகவும் இருப்பதால் கிடைக்கும் இலாபம் இது. 1904 இல் கிறிஸ்ரியன் போர் கொப்பன்ஹேகனில் காபனீரொட்சைட்டை வைத்து இதைக் காட்டினார். அணு மாதிரிக்குப் பெயர்போன நீல்ஸ் போரின் தகப்பன் இவர்தான்.

மானிப்பாய், ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்: தம்பி, நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது, அமிலத்தின் ஐதரசன் போய் இரும்பில் குந்திக்கொண்டு ஒட்சிசனைத் தள்ளிவிடும் என்று. அதுதானே விஷயம்?

தள்ளிவிடும் என்ற பாதி சரி சேர், இருக்கை வேறு. ஐதரசன் அயன் இரும்பைத் தொடுவதேயில்லை. பீற்றாச் சங்கிலியின் கடைசியில், 146 ஆம் இடத்தில் ஹிஸ்ரிடின் ஒன்று இருக்கிறது. அயன் ஏறியதும் அதற்கு நேர் ஏற்றம் வருகிறது, அதே சங்கிலியின் 94 ஆம் இடத்து அஸ்பாற்றேற்றோடு அது மின்கவர்ச்சியால் பிணைந்துகொள்கிறது. இறுகிய நிலைக்கு ஒரு கொளுக்கி போட்டதுபோல. அது ஓர் இடம் மட்டும், வேறு இடங்களும் பங்கெடுக்கின்றன. இரும்பிலேயே குந்துவது காபனோரொட்சைட்டு. அதற்கு இன்னொருவர் கேள்வி வந்திருக்கிறது, கீழே பாருங்கள்.

நல்லூர், தாய்: மகனுக்கு 40 பாகை காய்ச்சல். விரலில் மாட்டிப் பார்த்தால் 95, 96 என்று காட்டுகிறது. காய்ச்சலுக்கு ஒட்சிசன் குறையும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறா. பயப்பட வேண்டுமா?

சூடும் அமிலத்தைப் போலவே வளையியை வலப்பக்கம் நகர்த்தும். 37 இலிருந்து 40 பாகைக்கு ஏறினால் பீ50 27 இலிருந்து சுமார் 31. சுவாசப்பை நல்லாயிருந்தால் நிரம்பல் 97 இலிருந்து 96 அளவுக்குத்தான் இறங்கும், ஆனால் இழையத்தில் 75 க்குப் பதிலாக 66 வரை இறக்கிக் கொடுக்கும். காய்ச்சலில் உடல் கூடுதலாக எரிக்கிறது, அதற்கு இது தோதானது. ஆகவே 95, 96 ஐக் காய்ச்சலின் கணக்கில் எழுதலாம். 90 காட்டினால் எழுத முடியாது, அது சுவாசப்பையின் பிரச்சினை, உடனே காட்டுங்கள். எண்ணை விட்டுப் பிள்ளையைப் பாருங்கள்: மூச்சு வேகம், நெஞ்சு உள்ளிழுப்பது, சோர்வு. இவை இருந்தால் 96 என்று ஆறுதல் படாமல் கொண்டுபோங்கள்.

நியூமோனியாவில் இந்த இலாபம் குறைந்துபோகும். அழுத்தம் 60 ஆக விழுந்துவிட்டால் வளையியின் தட்டைப் பகுதியை விட்டு இறங்கியாயிற்று. சாதாரண வளையியில் 90 நிரம்பும் இடத்தில், 40 பாகைக் காய்ச்சலில் 85 தான் நிரம்பும்.

யாழ்ப்பாணம், தாதி: அண்ணை, ஒரு இளம் பிள்ளை, முதல் வகை நீரிழிவு, இன்சுலின் இல்லாமல் இரத்தத்தில் அமிலம் கூடும் கீற்றோ அசிடோசிசோடு வாட்டுக்கு வந்தது, பீ.எச். 7.1. அமிலம் ஒட்சிசனை இறக்கிக் கொடுக்கிறது என்றால் நல்லதுதானே? பின்னே ஏன் அமிலத்தை முறிக்கும் இருகாபனேற்றுக் கொடுத்து அவசரமாகத் திருத்தாதே என்கிறார்கள்? டி.பி.ஜி. என்றும் சொல்கிறார்கள், அது எனக்கு முழுக்க விளங்கவில்லை.

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இவ்வளவு நேரம் எண்களைச் சேர்த்து வைத்தேன் தங்கச்சி.

டி.பி.ஜி., அதாவது 2,3-டைபொஸ்போகிளிசரேற்று, என்பது செங்குழியம் குளுக்கோசை உடைக்கும் வழியில் ஒரு பக்கக் கிளையாகச் செய்துகொள்வது. ஈமோகுளோபினின் நடுக் குழியில் போய் இருந்து அதுவும் இறுகிய நிலையைத் தாங்கும். 1967 இல்தான் இது தெளிவாயிற்று. அது இல்லாவிட்டால் ஈமோகுளோபின் ஒட்சிசனை விடவே யோசிக்கும்.

அமிலம் இரண்டு வேலை செய்கிறது, நேரம் மட்டும் வேறு. முதல் வேலை உடனே நடக்கும்: 7.1 இல் பீ50 சுமார் 37. இழையத்தில் நிரம்பல் 55 வரை இறங்கும், நுரையீரலில் 94. இறக்குவது 39 வீதம். இரண்டாவது வேலை மெதுவாக, பல மணித்தியாலங்கள் கழித்துத் தெரியும்: அமிலம் செங்குழியத்துக்குள் குளுக்கோசு உடைக்கும் நொதிகளை அடக்குவதால் டி.பி.ஜி. குறைந்துகொண்டு போகிறது. சலத்தோடு பொசுபேற்று போய்விடுவதும் அதற்குத் துணை. வீட்டில் ஒரு நாள், இரண்டு நாள் வாந்தியோடு கிடந்து வந்த பிள்ளைக்கு அது பாதியாகிவிட்டது என்று வைப்போம். 7.4 இல் அந்தக் குருதியின் பீ50 22 என்று கொள்வோம். ஆனால் பிள்ளை 7.1 இல் இருக்கிறது, அமிலம் அதை 31 க்கு இழுத்து வைத்திருக்கிறது. இழையத்தில் நிரம்பல் 67. கிட்டத்தட்ட வழமைதான். இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்து நிற்கின்றன.

இப்போது இருகாபனேற்றைக் கொட்டி பீ.எச். ஐ 7.4 க்குக் கொண்டுவந்தால் அமிலத்தின் இழுப்பு உடனே போய்விடும். டி.பி.ஜி. திரும்ப நாள்கணக்காகும். பீ50 22 க்கு விழுகிறது. நுரையீரலில் 98, இழையத்தில் 83, இறக்குவது 15 வீதம் மட்டும். ஈமோகுளோபின் 13 கிராம் உள்ள பிள்ளைக்கு 100 மில்லிலீற்றர் குருதியில் 3.8 மில்லிலீற்றர் இறங்க வேண்டிய இடத்தில் 2.6 இறங்கும். விரலில் மாட்டினால் 98 காட்டும், எல்லோரும் நிம்மதியாகப் போவார்கள். நிசத்தில் இழையம் சும்மா இராது, தன் அழுத்தத்தை 40 க்குக் கீழே இறக்கி, குருதி ஓட்டத்தைக் கூட்டி, விட்டதைப் பிடிக்கப் பார்க்கும். நான் சொன்னது ஓட்டமும் அழுத்தமும் மாறாத கணக்கு. திருத்தாதே என்பதற்கு இது ஒரு காரணம்தான், பொற்றாசியம் விழுவதும் உண்டு. இன்சுலினும் சேலைனும் கீற்றோனை அடக்கினால் பீ.எச். மெதுவாகத் தானே ஏறும், டி.பி.ஜி. க்கும் நேரம் கிடைக்கும். பீ.எச். 7.0 க்கும் கீழே போனவர்களுக்கு வைத்தியர்கள் வேறுவிதமாக யோசிப்பார்கள்.

மெஷின் விஷயத்தில் ஒன்று. சில இரத்த வாயு மெஷின்கள் ஒட்சிசன் அழுத்தத்தை அளந்துவிட்டு, நிரம்பலைக் கணக்கில் வருவித்து அச்சடிக்கும். அந்தக் கணக்கு டி.பி.ஜி. வழமையானது என்று எடுத்துக்கொள்ளும், உங்கள் பிள்ளையின் குருதிக்கு அது பொருந்தாது. கோ-ஒக்சிமீற்றர் உள்ள மெஷின் நிரம்பலை நேரே அளக்கும். நாளக் குருதியில் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அளந்தது கணக்கை விட மேலே நின்றால் ஈமோகுளோபின் ஒட்சிசனை விடாமல் இறுக்கிப் பிடிக்கிறது என்று அர்த்தம். தமனிக் குருதியில் ஒப்பிட்டுப் பயனில்லை, அங்கே வளையி தட்டை.

அதே தாதி: அப்போ பொசுபேற்று கொடுத்தால் டி.பி.ஜி. கெதியாகத் திரும்புமே?

திரும்பும், பரிசோதனைகளில் அது தெரிந்தது. ஆனால் நோயாளி கெதியாகச் சுகப்பட்டார் என்று தெளிவாகக் காட்டப்படவில்லை, கல்சியம் விழும் ஆபத்தும் உண்டு. பொசுபேற்று மிகத் தாழ்ந்தவர்களுக்கு மட்டும் கொடுப்பவர்கள்தான் அதிகம். என் மனதுக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது, இருந்தாலும் வைத்தியரோடு பேசுங்கள்.

சுன்னாகம், கடைக்காரர்: எனக்கு எச்.பி.ஏ.1சி 8.4. அது ஈமோகுளோபின் பரிசோதனைதானே? அப்படியானால் என் இரத்தத்தில் ஒட்சிசன் ஏறாதா? அமிலமும் இருக்கிறதா?

இல்லை அண்ணை, இரண்டும் வேறு. அந்த எண் கடந்த இரண்டு, மூன்று மாதச் சீனியின் கணக்கு. அமிலத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. சீனி ஒட்டுவது பீற்றாச் சங்கிலியின் தொடக்கத்தில், டி.பி.ஜி. பிடிக்கும் இடத்துக்கே. அதனால் அந்தத் துணுக்குக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும், ஆனால் உங்கள் ஈமோகுளோபினில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒட்சிசனுக்காகக் கவலைப்படாமல் சீனியைக் குறையுங்கள்.

வடமராட்சி, பெயர் வேண்டாம் என்றவர்: நான் சுருட்டுக் குடிக்கிறவன். மகள் வாங்கித் தந்த மெஷினில் 98 காட்டுகிறது. என்னைச் சும்மா விடச் சொல்லுங்கோ.

அந்த மெஷின் காபனோரொட்சைட்டு ஏறிய ஈமோகுளோபினையும் ஒட்சிசன் ஏறியது என்றே எண்ணும். இந்த வாயு ஒட்சிசனை விட 200 மடங்குக்கும் மேலாக இரும்பை விரும்பும். ஓர் இடத்தைப் பிடித்ததோடு நில்லாது, மிச்சத் துண்டுகளையும் தளர்ந்த நிலையில் வைத்து ஒட்சிசனை விடாமல் பண்ணும். அதாவது வளையி இடப்பக்கம் நகரும். மகளின் பக்கம்தான் நான்.

திருநெல்வேலி, இரத்ததானம் செய்பவர்: வைத்திருந்த இரத்தத்தில் டி.பி.ஜி. இருக்காது என்று வாசித்தேன். அப்போ நாங்கள் கொடுப்பது வீணா?

குளிரூட்டியில் இரண்டு வாரம் கழிய டி.பி.ஜி. மிகவும் குறைந்துவிடும், உண்மைதான். ஆனால் ஏற்றிய பிறகு உடலுக்குள் ஓரிரு நாளில் பெரும்பகுதி திரும்பிவிடும். புதிய இரத்தமா, பழையதா என்று 2015, 2016 இல் வெளிவந்த பெரிய ஆய்வுகள் இறப்பில் வித்தியாசம் காணவில்லை. ஒரே நேரத்தில் பல பைகள் ஏற்ற வேண்டி வரும் பெரிய இரத்தப்போக்கில், அந்த முதல் சில மணித்தியாலங்களில் எவ்வளவு நட்டம் என்பதில் மட்டும் இன்னும் வாதம் இருக்கிறது.