ஒரே முகம், மூன்று வசனம்

கேள்வி: பூனைப் படத்தின்மேல் மனிதர் பேசுவது போல உருக்கமான வசனம் எழுதிப் போட்டால் அப்படியே பொருந்திவிடுகிறதே, ஏன்? அதன் முகத்தில் ஒன்றுமே தெரிவதில்லையே?

தெருவில் மீட்கப்படும் பூனைகளுக்கு வீடு தேடித் தரும் ஒரு சிறு குழுவுக்காக நான்கு ஆண்டுகளாகப் படம் எடுத்து, வசனமும் எழுதி வருகிறேன். ஒன்றுமே தெரியாததால்தான் பொருந்துகிறது என்பது பதிலின் பாதி. நமக்குப் பழக்கமான இடங்களில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் வேறு இடங்களில் நிறையவே தெரிகிறது என்பது மறுபாதி.

முதலில் ஒரு படத்தைச் சொல்கிறேன். சாம்பல் நிறத்தில் வரியோடிய பெண் பூனை ஒன்று, சமையலறை மேடையில் முன்கால்களை மார்புக்கடியில் மடித்து வைத்து உட்கார்ந்து, கேமராவுக்குச் சற்று மேலே பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்தப் படத்தில் மூன்று வசனங்களைத் தனித்தனியாக எழுதி வீட்டில் காட்டினேன். "இருபது வருஷம் இந்தக் குடும்பத்துக்கு உழைச்சேன், இப்ப பங்கு கேக்க வந்துட்டாங்க" என்று படித்த அம்மா, அதன் கண்ணில் கசப்பு தெரிவதாகச் சொன்னார். "போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்று படித்த தங்கை, பாவம், அழுதுவிடும் போலிருக்கிறது என்றாள். "நான் எதையும் பாக்கல, யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்பதைப் படித்தவர்களுக்கு அதே கண் திருட்டுமுழி ஆகிவிட்டது. படம் எடுத்த நேரத்தில் என் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு பல்லி இருந்தது. பூனை பார்த்தது அதைத்தான்.

மனித முகத்தில் உணர்ச்சியை நாம் முக்கியமாக மூன்று இடங்களில் படிக்கிறோம். புருவம் ஏறுவதும் நெரிவதும் ஒன்று. வெள்விழியின் நடுவே கருவிழி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது இன்னொன்று. உதட்டின் ஓரம் மேலே போகிறதா கீழே இறங்குகிறதா என்பது மூன்றாவது. பூனைக்கு நம்மைப் போலத் தனித்துத் தெரியும் புருவம் இல்லை. வெள்விழி இமைக்குள் மறைந்திருப்பதால், கண் முழுவதும் நிறமும் கருமணியுமாகவே தெரிகிறது. வாயின் ஓரம் மீசை முளைத்த மெத்தைப் பகுதிக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. தோலில் விழும் சுருக்கத்தையும் ரோமம் மூடிவிடுகிறது. ஆனால் முகத்தின் அமைப்பு மட்டும் நம்முடையதைப் போன்றது: வட்ட முகம், முன்னோக்கிய இரண்டு பெரிய கண்கள், நடுவில் சிறிய மூக்கு. ஆட்டின் கண்ணும் கோழியின் கண்ணும் பக்கவாட்டில் இருப்பதால், அவை நம்மை நேருக்கு நேர் பார்ப்பதாகத் தோன்றுவதில்லை. பூனை பார்ப்பதாகத் தோன்றுகிறது, ஆனால் நம் மொழியில் எதையும் சொல்வதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் வசனம் போய் உட்கார்ந்துகொள்கிறது.

பள்ளியில் தற்குறிப்பேற்ற அணி என்று படித்தோமே, அதுவே இது. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் பறந்த கொடிகள், வராதே என்று கை காட்டி மறித்ததாகச் சிலப்பதிகாரம் சொல்லும். கொடியை அசைத்தது காற்று. அசைவுக்குப் பொருள் ஏற்றியது கவிஞர். பூனை முகத்தில் அந்தக் காற்றின் வேலையைப் பல நேரம் வெளிச்சம் செய்கிறது. பூனையின் கருமணி வெளிச்சத்தில் நெல்முனை போலச் சுருங்கும், இருட்டில் கண் நிறைய விரியும். சுருங்கிய நிலைக்கும் விரிந்த நிலைக்கும் இடையே அதன் பரப்பு ஏறத்தாழ 135 மடங்கு மாறுவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்; மனிதக் கண்ணில் அது 15 மடங்குதான். அதனால் நண்பகலில் ஜன்னலோரம் எடுத்த படத்தில் பூனை வஞ்சம் தீர்க்கக் காத்திருப்பது போலவும், அதே பூனையை மாலையில் மங்கிய விளக்கொளியில் எடுத்தால் ஒன்றும் அறியாத குழந்தை போலவும் தெரியும். பயத்திலும் விளையாட்டு வேகத்திலும்கூடக் கருமணி விரியும் என்பது உண்மைதான். ஆனால் அறையில் எவ்வளவு வெளிச்சம் இருந்தது என்று தெரியாமல், படத்தில் இருக்கும் கண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

வெற்று முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது அதன் பொருளை மாற்றும் என்பது சினிமா படித்தவர்களுக்குப் பழைய செய்தி. சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ், நடிகர் இவான் மொஸ்ஜூகினின் உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை ஒரு தட்டு சூப்புக்கும், ஒரு சவப்பெட்டிக்கும், வேறொரு காட்சிக்கும் அடுத்தடுத்து ஒட்டிக் காட்டியதாகவும், பார்த்தவர்கள் அதில் பசியையும் துக்கத்தையும் கண்டு நடிப்பை மெச்சியதாகவும் சொல்வார்கள். அந்தப் படச்சுருள் இன்று கிடைப்பதில்லை. பிற்காலத்தில் இதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களில் சிலருக்கு விளைவு தெரிந்தது, 1992-இல் செய்தவர்களுக்குத் தெரியவில்லை. மனித முகத்தில் இந்த விளைவு நிலையாக வராததில் எனக்கு வியப்பில்லை. எவ்வளவு அடக்கினாலும் மனித முகம் கொஞ்சமாவது எதையோ சொல்லிவிடும். பூனையிடம் அந்தத் தொல்லை மிகவும் குறைவு.

இதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான சான்று ஸ்மட்ஜ் என்ற கனடாப் பூனையின் படம். சாப்பாட்டு மேசையில், காய்கறித் தட்டுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பூனை உட்கார்ந்திருக்கும். 2018 ஜூனில் டம்ளர் தளத்தில் அது முதலில் வந்தபோது, அதற்குக் காய்கறி பிடிக்காது என்பதுதான் வசனம். முகத்தில் தெரிந்தது வெறும் அருவருப்பு. 2019 மே மாதம் ட்விட்டரில் ஒருவர், அழுதுகொண்டே விரல் நீட்டிக் கத்தும் ஒரு பெண்ணின் தொலைக்காட்சிக் காட்சியை இடப்பக்கமும் இந்தப் பூனையை வலப்பக்கமும் வைத்தார். அதே முகம் உடனே, செய்யாத குற்றத்துக்குப் பழி சுமப்பவரின் முகமாகவும், செய்துவிட்டு ஒப்புக்கொள்ளாதவரின் முகமாகவும் மாறிவிட்டது. இடப்பக்கத்து முகத்தில் உணர்ச்சி நிரம்பி வழிகிறது. அதனால் வலப்பக்கத்தில் தெரிவதெல்லாம் அதற்கான மறுமொழியாகப் படிக்கப்படுகிறது. இங்கே பாதி வசனத்தைச் சொல்லிவிடுவது அந்தப் பெண்ணின் படம்தான்.

நம் மீம்களில் வடிவேலுவின் முகம் வேலை செய்வது இதற்கு நேர்மாறான வழியில். அவர் முகத்தில் உணர்ச்சி ஏற்கெனவே முழுமையாக இருக்கிறது. அதற்குப் பொருத்தமான சூழ்நிலையை மட்டும் நாம் தேடி எழுதுகிறோம். அவர் நொந்துபோய் நிற்கும் படத்தை வெற்றிக் களிப்புக்குப் பயன்படுத்த முடியாது. பூனைப் படத்தை எதற்கும் பயன்படுத்தலாம், எல்லாப் பூனையையும் அல்ல என்றாலும். 2012-இல் புகழ்பெற்ற டார்டர் சாஸ் என்ற அமெரிக்கப் பூனையை உலகம் 'சிடுமூஞ்சிப் பூனை' என்றே அறிந்திருந்தது. அதன் வாய் பிறவியிலேயே கீழ்நோக்கி வளைந்தது போல் அமைந்திருந்தது. நாம் படிக்கத் தெரிந்த ஒரே ஒரு குறி, உதட்டோரம் இறங்கிய குறி, அதன் முகத்தில் நிரந்தரமாக இருந்ததால், அது எப்போதும் 'முடியாது' என்று மட்டுமே சொல்ல முடிந்தது. அதன் சுபாவத்துக்கும் அந்த வாய்க்கும் தொடர்பே இல்லை.

எழுதிப் பழகியதில் ஒன்று புரிந்தது. உணர்ச்சியின் பெயரைச் சொல்லும் வசனம் படத்தோடு ஒட்டாது. "நான் மிகவும் சோகமாக இருக்கிறேன்" என்று எழுதினால், படிப்பவர் முகத்தில் சோகத்தைத் தேடிப் பார்த்து, இல்லையே என்று நகர்ந்துவிடுவார். "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்று நடந்ததை மட்டும் சொன்னால், சோகத்தை அவரே கொண்டுவந்து அந்த முகத்தில் வைப்பார். தான் வைத்தது என்பதால் அதை நம்பவும் செய்வார்.

ஆனால் அந்த முகம் உண்மையில் வெறுமையானது அல்ல, இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பூனைக் காபிக் கடையில் இருந்த 53 பூனைகள் ஒன்றோடொன்று பழகுவதைப் படம் பிடித்து, 276 விதமான முகக்குறிகளைப் பிரித்தெடுத்தார்கள். நாம் பார்க்காத காதிலும் மீசையிலும் அவை பேசுகின்றன.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறினால். குழுவுக்கு வந்திருந்த ஒரு கறுப்பு வெள்ளைப் பூனை, தலையைத் தாழ்த்திக் கண்ணை இடுக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது. "மௌன விரதம், மூன்றாம் நாள்" என்று எழுதிப் படத்தைப் போட்டேன். பலர் விரும்பிப் பகிர்ந்தார்கள். மூன்றாம் நாள் அது சாப்பாட்டை முகர்ந்துவிட்டு விலகியபோதுதான் மருத்துவரிடம் கொண்டுபோனோம். கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ் பிடித்திருந்தது. மருத்துவர் என் படத்தையே வாங்கிப் பார்த்து, வலியை எங்கே படிக்க வேண்டும் என்று காட்டினார்.

மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2019-இல் வெளியிட்ட ஒரு வலி அளவுகோல் இருக்கிறது. காதுகள் வெளிப்பக்கம் திரும்பித் தட்டையாகின்றனவா, கண் இடுங்குகிறதா, மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி இறுகி நீள்வட்டமாகிறதா, மீசை தளர்ந்து வளையாமல் நேராக விறைக்கிறதா, தலை தோள்மட்டத்துக்குக் கீழே இறங்குகிறதா என்ற ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் 10-க்கு 4 அல்லது அதற்கு மேல் வந்தால் வலிமருந்து தேவைப்படலாம். தூங்கும்போதோ, நக்கிக்கொள்ளும்போதோ, சாப்பிடும்போதோ, கத்தும்போதோ பார்க்கக் கூடாது. விழித்துச் சும்மா இருக்கும்போது அரை நிமிடம் தள்ளி நின்று பார்க்க வேண்டும். என் படத்துக்கு அவர் கொடுத்தது 7. காதுகள் இரண்டும் பக்கவாட்டில் விலகியிருந்ததை நான் பார்த்திருந்தேன், அலட்சியம் என்று படித்திருந்தேன்.

இப்போதெல்லாம் வசனம் எழுதும் முன் படத்தில் கண்ணை விரலால் மறைத்துவிட்டுக் காதை மட்டும் முதலில் பார்க்கிறேன். சாம்பல் பூனையின் படத்தையும் அப்படிப் பார்த்தேன். இரண்டு காதும் நிமிர்ந்து முன்னோக்கி, பல்லி இருந்த பக்கமாகக் குவிந்திருந்தன. மீசையும் முன்பக்கம் விரிந்திருந்தது. அதற்கு வலியும் இல்லை, கசப்பும் இல்லை. மூன்று வசனங்களில் அம்மாவுக்குப் பிடித்ததைப் போட்டு, அன்றே படத்தைப் பகிர்ந்தேன்.