போர்டு மாற்றும் முன் பவுச்சைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: எதிர்முனையில் பேசுவது எனக்கு நன்றாகக் கேட்கிறது. நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை. ஸ்பீக்கர் போட்டால் மட்டும் கேட்கிறதாம். கடையில் மைக் போச்சு, போர்டு மாற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

பணத்தை எடுத்து வைத்திருந்தால் திரும்பப் பையில் போடுங்கள். ஸ்பீக்கர் போட்டால் கேட்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விடையில் பாதி அதிலேயே இருக்கிறது.

நீங்கள் வைத்திருப்பது ஆண்ட்ராய்டு போன், அதற்குப் பவுச்சும் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன். கடைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல வரவில்லை; நல்ல மெக்கானிக்குகளும் எனக்குத் தெரியும். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய புண் இருக்கிறது.

என் மாமனார் சங்கரன்கோவிலில் தனியாக இருக்கிறார். போன வருடம் ஒரு கட்டத்தில் அவர் கூப்பிட்டால் எங்களுக்கு ஒன்றுமே கேட்காது. "ஹலோ, மாமா, ஒண்ணும் கேக்கல, வெச்சுட்டு நானே கூப்பிடுறேன்" என்பேன். திரும்பக் கூப்பிட்டாலும் அதே கதைதான். கொடுமை என்னவென்றால், நான் சொல்வது அவருக்கு அட்சரம் பிசகாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் தொண்டை கிழியக் கத்துகிறார், இந்தப் பக்கம் நான் போனை வைக்கிறேன். "மாப்பிள்ளைக்கு என்கூடப் பேசப் பிடிக்கல, கேக்கல கேக்கலன்னு சொல்லி வெச்சுடுறாரு" என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார். ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது என் காதுபடவே ஒருவர் இதைப் பேசினார். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு ஏன் கை பரபரத்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

அங்கே ஒரு கடையில் காட்டியிருக்கிறார். போனைக் கையில் வாங்கி இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, போர்டு மாற்ற வேண்டும், மூவாயிரம் ஆகும் என்றார்களாம். என் மச்சான் வேறு வாய்ஸ் ரெக்கார்டரில் பேசிப் பார்த்துவிட்டு, "சத்தம் கம்மியா இருக்கு, ஆனா பதிவாகுது. மைக் நல்லாத்தான் இருக்கு, நெட்வொர்க் கோளாறு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்.

ஆடித்தபசுக்குப் போனபோது போனை வாங்கிப் பார்த்தேன். பழைய பவுச் கிழிந்துபோனதால் பஸ் ஸ்டாண்டு தள்ளுவண்டியில் மூடி வைத்த கவர் ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். சார்ஜர் குத்தும் இடம் சரியாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதுதான் மைக். கவரில் அதற்கான துளை சற்றே தள்ளி வெட்டப்பட்டிருந்தது, அது வேறு ஏதோ மாடலுக்கான கவர். கவரைக் கழற்றினால் உள்ளே இன்னொன்று. மாமா சட்டைப்பையில் விபூதிப் பொட்டலமும் போனும் ஒன்றாகத்தான் இருக்கும். அந்தச் சின்ன ஓட்டைக்குள் விபூதி வெள்ளையாக இறுகிப் போயிருந்தது.

இதை மட்டும் கொஞ்சம் விளக்கிச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஓட்டை அடைத்தால் சத்தம் குறையத்தானே வேண்டும், அடியோடு ஏன் போகிறது என்று எல்லாருக்கும் சந்தேகம் வரும். இப்போது வரும் போன்களில் பெரும்பாலும் இரண்டு மைக்காவது இருக்கும். ஒன்று கீழ் விளிம்பில், வாய்க்குப் பக்கத்தில். இன்னொன்று மேல் விளிம்பிலோ கேமராவை ஒட்டியோ. காதில் வைத்துப் பேசும்போது உங்கள் குரல் கீழ் மைக்கில் பலமாகவும் மேல் மைக்கில் மெலிதாகவும் விழும். பஸ் சத்தம், மிக்ஸி சத்தம் எல்லாம் தூரத்திலிருந்து வருவதால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் விழும். போனின் இரைச்சல் நீக்கம் இந்த வித்தியாசத்தைத்தான் நம்பியிருக்கிறது: கீழே பலமாக விழுவது பேச்சு, இரண்டிலும் சமமாக விழுவது இரைச்சல் என்று பிரித்து, இரைச்சலை அமுக்குகிறது. இப்போது கீழ் மைக்கை அடைத்துவிட்டால் உங்கள் குரலும் இரண்டிலும் சமமாகத்தான் விழும். போன் என்ன செய்யும்? உங்கள் பேச்சையே இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும். மாமா கத்தக் கத்த எங்களுக்குச் சொல்லின் ஒரு துண்டு மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது இதனால்தான்.

ஸ்பீக்கர் போட்டால் வாய் எங்கே இருக்கிறது என்று போனுக்குத் தெரியாது. அதனால் பல போன்கள் அப்போது மேல் மைக்கையோ எல்லா மைக்குகளையுமோ சேர்த்து வேறு கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. அதுதான் உங்களுக்கு ஸ்பீக்கரில் மட்டும் கேட்பதன் ரகசியம். மச்சானின் ரெக்கார்டர் சோதனை ஏமாற்றியதும் இதே காரணத்தால்தான். ரெக்கார்டர் பெரும்பாலும் இந்த அமுக்கும் வேலையைச் செய்வதில்லை, வருவதை வந்தபடி பதிவு செய்யும். ஆகவே ரெக்கார்டரில் குரல் மெலிந்து பதிவானால் "மைக் நல்லாருக்கு" என்று முடிவு கட்டாதீர்கள், அடைப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆடியோ என்ஜினியர்கள் யாராவது "இவ்வளவு எளிமையான கணக்கு இல்லை" என்று சண்டைக்கு வரலாம். ஒத்துக்கொள்கிறேன், ஒவ்வொரு கம்பெனியும் வேறு வேறு விதமாகச் செய்கிறது. அடிப்படை இதுதான்.

சுத்தம் செய்வது எப்படி? போனை அணைத்துவிட்டு, ஓட்டை தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, காய்ந்த மெல்லிய டூத் பிரஷ்ஷால் பக்கவாட்டில் தேயுங்கள். அவ்வளவுதான். ஊசி, சேஃப்டி பின், சிம் எடுக்கும் பின் எதையும் விடாதீர்கள். உள்ளே ஒரு சன்ன வலை, அதற்குப் பின்னால் அதைவிடச் சன்னமான ஒரு சவ்வு. குத்தினால் அப்போது நிஜமாகவே மைக் போய்விடும். சிம் தட்டின் ஓட்டையும் மைக் ஓட்டையும் ஒரே விளிம்பில் இருக்கும் மாடல்களில் இந்த விபத்து சர்வசாதாரணம். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும், காற்று டப்பாவால் அடித்தால் சவ்வு தாங்காது.

விபூதியைத் தட்டிவிட்டு, வெறும் போனோடு தெருவில் நின்று பேசினார். கணீரென்று கேட்டது. வெற்றி என்று நினைத்து உள்ளே வந்தோம். பின்கட்டு அறையிலிருந்து பேசினால் மறுபடியும் மௌனம்! வாட்ஸ்ஆப் கால் அல்ல, சாதாரண கால்தான்.

இது இரண்டாவது சனியன். திரையின் மேலே பார்த்தால் வைஃபை காலிங் அடையாளம் இருந்தது. நம் ஊரில் ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின. டவருக்குப் பதிலாக வீட்டு பிராட்பேண்ட் வழியாகச் சாதாரண அழைப்பு போகும். ரவுட்டர் முன் அறையில், இவர் இரண்டு சுவர் தள்ளி. ரவுட்டரின் வீச்சு பொதுவாக போனின் வீச்சைவிடப் பலமானது, அதனால் அங்கிருந்து வருவது இங்கே வந்து சேர்கிறது. போன் அனுப்புவது ரவுட்டரை எட்டுவதற்குள் தடுமாறுகிறது. எனவே உங்களுக்குக் கேட்கும், அவர்களுக்குக் கேட்காது. டவரோடு பேசும்போதும் இதே நியாயம்தான். 4ஜி போன் அதிகபட்சம் 0.2 வாட் அளவில்தான் அனுப்பும், டவரோ பல வாட்டில் அனுப்பும். சிக்னல் மெலிந்த இடத்தில் முதலில் அறுந்துபோவது நம் குரல்தான்.

செட்டிங்ஸில் சிம் பகுதிக்குள் வைஃபை காலிங்கை அணைத்தேன். பின்கட்டில் டவர் ஒரு கோடுதான் காட்டியது, ஆனாலும் பேச்சு போயிற்று. உங்கள் வீட்டில் டவரே எடுக்காது என்றால் இது உதவாது, ரவுட்டரைத்தான் நகர்த்த வேண்டும். ஒரு எச்சரிக்கை: பக்கத்திலேயே இருக்கும் வோல்டிஇ-யை அணைக்காதீர்கள். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது, அதை அணைத்தால் சாதாரண அழைப்பே போகாது.

இந்தச் சோதனைக்கு எத்தனை தடவை டயல் செய்ய வேண்டியிருந்தது தெரியுமா? அப்போதெல்லாம் ஒவ்வொரு தடவையும் மணி அடிப்பதற்கு முன்னால் சைபர் மோசடி எச்சரிக்கையைக் கேட்டாக வேண்டியிருந்தது. எச்சரிக்கை நல்ல விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே நாளில் ஒரே ஆளுக்கு அதையே திரும்பத் திரும்ப ஓதினால் யார் காதில் ஏறும்? மாமா அதை யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்து, "சரிங்க, சரிங்க" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். சரி, விடுங்கள்.

உங்களுக்கு வாட்ஸ்ஆப்பில் மட்டும் இந்தத் தொல்லை என்றால் கதை வேறு. ஆப்ஸ் பட்டியலில் வாட்ஸ்ஆப்பின் பெர்மிஷனில் மைக்ரோபோன் அனுமதி இருக்கிறதா பாருங்கள். "இந்த முறை மட்டும்" என்று கொடுத்திருந்தால் அடுத்த தடவை மறுபடி கேட்கும், அவசரத்தில் மறுத்திருப்பீர்கள். ஆண்ட்ராய்டு 12-லிருந்து மேலிருந்து இழுக்கும் பேனலில் மைக் ஆக்சஸ் என்று ஒரு பொத்தானும் உண்டு. குழந்தைகள் கை பட்டு அணைந்திருந்தால் எல்லா ஆப்களுக்கும் வெறும் மௌனம்தான் போகும். புளூடூத் இயர்பட் அடுத்த அறையில் கனெக்ட் ஆகிக் கிடக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும், பவுச் இல்லாமல், வைஃபை இல்லாமல், வெட்டவெளியில் நின்று பேசியும் கேட்கவில்லை, ரெக்கார்டரிலும் சத்தமே இல்லை என்றால் மைக் போயிருக்கலாம். அப்போதும் "போர்டு" என்றால் எந்த போர்டு என்று கேளுங்கள். பல மாடல்களில் கீழ் மைக் சார்ஜிங் பின் இருக்கும் சின்ன போர்டில்தான் உட்கார்ந்திருக்கும். மெயின் போர்டோடு ஒப்பிட்டால் அதன் விலை மிகக் குறைவு. சமீபத்தில் சார்ஜிங் பின் மாற்றியிருந்தீர்களா? அப்படியானால் முதல் சந்தேகம் அந்தச் சின்ன போர்டின் மேல்தான். மாற்றிக்கொடுத்த கடைக்கே திரும்பக் கொண்டுபோய், அங்கேயே நின்று, ஸ்பீக்கர் போடாமல் காதில் வைத்து ஒரு கால் பேசிக் காட்டச் சொல்லுங்கள்.