வசனத்தைச் சுருக்காமல் திரையில் போட

"எங்கள் சபையின் பிரசங்க வீடியோக்களுக்கு நான்தான் எழுத்து போடுகிறேன். யோவான் 3:16 மாதிரி நீண்ட வசனம் வந்தால் படித்து முடிப்பதற்குள் மறைந்துவிடுகிறது. சுருக்கிப் போட்டால் 'வசனத்தையே மாத்திட்டியேம்மா' என்கிறார்கள் பெரியவர்கள். என்ன செய்வது?" — ஒரு வாசகி

இதில் நான் பெரியவர்கள் கட்சி. சுருக்க வேண்டாம், பிரித்துப் போடுங்கள். எங்கே பிரிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பழைய மொழிபெயர்ப்பில் இந்த வசனம் 'தேவன்' என்று தொடங்கி, அவர் செய்ததை 'அன்புகூர்ந்தார்' என்று கடைசிச் சொல்லில்தான் சொல்கிறது. அதுவரை காத்திருக்க வைக்கிறதே என்று சிலர் 'அன்புகூர்ந்தார்' என்பதை முன்னால் இழுத்துவிடுகிறார்கள். அப்புறம் அது உங்கள் வாக்கியம், வேத வசனம் அல்ல. வரிசையைத் தொடாமல் மூன்று திரைகளாக்கலாம்:

"தேவன், தம்முடைய ஒரேபேறான குமாரனை
விசுவாசிக்கிறவன் எவனோ

அவன் கெட்டுப்போகாமல்
நித்தியஜீவனை அடையும்படிக்கு,

அவரைத் தந்தருளி,
இவ்வளவாய் உலகத்தில் அன்புகூர்ந்தார்."
யோவான் 3:16

மேற்கோள் குறி முதல் திரையில் திறந்து மூன்றாவதில்தான் மூடுகிறது, பாருங்கள். நடுவில் எங்கும் மூன்று புள்ளி இல்லை. 'தொடரும்' என்ற பொருளில் புள்ளி வைத்துப் பழகிவிட்டால், நிஜமாகவே சில சொற்களை விட்டுவிட்டு எடுத்தாளும்போது அதைக் காட்ட உங்களிடம் குறியே இருக்காது. விட்ட இடத்துக்கு மட்டும் புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திரைக்கு ஐந்து நொடி கொடுங்கள். பிரசங்கியார் வேகமாகச் சொல்லி முடித்துவிட்டாலும் கடைசித் திரை இன்னும் கொஞ்சம் நிற்கட்டும், தப்பில்லை. மென்பொருள் காட்டும் எழுத்துக் கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 'விசுவாசிக்கிறவன்' நம் கண்ணுக்கு ஒன்பது எழுத்து. கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும் மென்பொருளுக்குப் பதினாறு. வசனம் மனப்பாடமாக இருக்கும் நீங்களே நேரம் பார்ப்பதிலும் பயனில்லை, உங்கள் கண் படிக்காமலே தாண்டிவிடும். சபைக்குப் புதிதாக வந்த ஒருவரிடம் போனைக் கொடுத்து, சத்தம் இல்லாமல் படிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது திரை வந்ததும் "யார் அன்புகூர்ந்தார்?" என்று கேளுங்கள். தடுமாறினால் ஒரு நொடி கூட்டுங்கள்.

வரி உடைப்பதை மென்பொருளிடம் விடாதீர்கள். சங்கீதம் 23:1இல் 'தாழ்ச்சியடையேன்' என்பதை அது 'தாழ்ச்சியடை' என்று வெட்டி, 'யேன்' என்பதை அடுத்த வரிக்குத் தள்ளினால், இல்லை என்ற பொருளே கீழே போய்விடும். நீங்களே என்டர் தட்டி உடையுங்கள்.

சரி, பிரசங்கியார் வாய் தவறி ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால்? திரையில் அச்சில் இருப்பதையே போடுங்கள். அவர் வேண்டுமென்றே தன் நடையில் விளக்கிச் சொல்கிறார் என்றால் மேற்கோள் குறியை எடுத்துவிட்டு, வசன எண்ணை மட்டும் ஓரத்தில் வையுங்கள். 'நிலைவாழ்வு' என்று சொன்னாரானால் திருவிவிலியம் என்ற வேறு மொழிபெயர்ப்பிலிருந்து வாசிக்கிறாரா என்று முதலில் கேட்டுவிடுங்கள். அங்கே 'நித்தியஜீவன்' இருக்காது.